இழுக்க இழுக்க அசராத போல்ட்

உலகத்திலேயே எனக்குப் பிடித்த பொருள் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: முறையாக முறுக்கி இறுக்கிய போல்ட். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நாலு டன் இழுவையில் ஏற்கெனவே விறைத்து நிற்கிற ஓர் இரும்புத் தண்டை, மேலும் ஒரு டன் போட்டு இழுத்தால், அது ‘அப்படியா?’ என்று கூடக் கேட்காமல் இருந்த இடத்தில் இருக்கிறது. இதைக் கணக்கிலும் பார்த்தேன், கண்ணாலும் பார்த்தேன். இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

நான் இதைக் கண்டுகொண்ட இடம் ஹட்டன் பக்கத்து மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து டர்பைன் அறை. மலையகத்தில் தண்ணீரும் போல்ட்டும் பழைய உறவுக்காரர்கள். நோர்ட்டன் பிரிட்ஜ் அணையிலிருந்து குழாய் வழியே இறங்கும் தண்ணீரில் பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. பொறியாளர் விமலசுரேந்திர 1918லேயே இந்த மலைத் தண்ணீரின் மின் கணக்கை எழுதிக் காட்டியிருந்தார். ஆனால் அதற்கெல்லாம் முந்தியே தோட்டத்துத் துரைமார் சின்னச் சின்ன டர்பைன்களைக் கப்பலில் வரவழைத்து, ஓடைகளைத் திருப்பி, ஸ்டோரில் உருளைகளையும் விளக்குகளையும் ஓட்டினார்கள். இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் செய்த கில்க்ஸ் டர்பைன்கள் அப்படி வந்தவைதான். தேசிய மின்கம்பி மலையேறிய பிறகு பல தோட்டங்களில் அவற்றைத் துருவுக்கு விட்டுவிட்டார்கள். 1980களில் சிலவற்றுக்கு மறுபடி உயிர் வந்தது. நான் சொல்லப்போவது அப்படி உயிர்பெற்ற ஓர் அறையைப் பற்றி.

மேலே தொட்டி, கீழே டர்பைன், நடுவில் ஏறக்குறைய 400 அடி உயர வித்தியாசம். மீட்டரில் 120. குழாய் டர்பைனுக்குக் கிளை பிரிந்த பிறகு நேராகக் கொஞ்சத் தூரம் போய் ஒரு வட்ட மூடியில் முடிகிறது. மணல் சேர்ந்தால் அந்த மூடியைக் கழற்றிக் கழுவுவார்கள். மூடியைச் சுற்றி 12 போல்ட்கள். டர்பைனைப் பார்க்க வந்தவர்கள் சக்கரத்தையும் டைனமோவையும் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் இந்த மூடி முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

ஏன் என்று சொல்கிறேன். 120 மீட்டர் தண்ணீர்த் தூண் அடியில் ஒவ்வொரு சதுர சென்ட்டிமீட்டரிலும் 12 கிலோ எடையாக அழுத்துகிறது. தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தின் விட்டம் 34 சென்ட்டிமீட்டர். அந்த வட்டத்துக்குள் 908 சதுர சென்ட்டிமீட்டர் இருக்கிறது. பெருக்கினால் கிட்டத்தட்ட 10,900 கிலோ. பதினொரு டன்! ஒரு லொறியும் அதன் சரக்கும் சேர்ந்து மூடியின் உள்பக்கத்தில் சாய்ந்து நிற்பது போல. அதைப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு 900 கிலோ.

இப்போது கேள்வி. ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனரால் முறுக்கி 4,000 கிலோ இழுவையில் வைத்தாகிவிட்டது. பிறகு வால்வைத் திறந்து தண்ணீரை விடுகிறோம். மூடி 900 கிலோவால் ஒவ்வொரு போல்ட்டையும் வெளியே இழுக்கிறது. போல்ட்டில் இப்போது எவ்வளவு இழுவை?

அந்த அறையில் வருடக்கணக்காக வேலை செய்த மூத்த பிட்டர் அண்ணனிடம் இதைக் கேட்டேன்.

“நாலாயிரம், அதோட தொள்ளாயிரம். நாலாயிரத்துத் தொள்ளாயிரம்தானே தம்பி? அதனாலதான் நான் எப்பவும் கொஞ்சம் தளர்வா விடுவேன். ஏற்கெனவே இழுத்து வச்சதை இன்னும் இழுத்தா அறுந்துடாதா?”

உலகமெங்கும் கேட்டுப் பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் இதையேதான் சொல்வார்கள். நியாயமான பதில். தப்பான பதில்.

“அண்ணே, பழைய கொழுந்துத் தராசு இருக்கா?” என்று கேட்டேன்.

மலையில் கொழுந்து நிறுக்கும் அந்தக் கடிகார முகத் தராசு, உள்ளே ஒரு சுருள்வில் இருக்கும், கொக்கியில் சாக்கைத் தொங்கவிட்டால் முள் சுற்றும். ஸ்டோர் மூலையில் ஒன்று கிடந்தது. உத்தரத்தில் அதைத் தொங்கவிட்டோம். கொக்கியில் ஓர் இரும்புப் பலகையை மாட்டினோம். பலகையைக் கீழே இழுத்து, முள் 20 கிலோ காட்டும்போது, பலகைக்கும் உத்தரத்துக்கும் இடையில் தராசின் இரண்டு பக்கமும் ஒரே உயரமுள்ள இரண்டு மரக்கட்டைகளை நிறுத்திக் கையை எடுத்தோம். முள் 20இல் நின்றது. தராசு மேலே இழுக்கிறது, கட்டைகள் அதைத் தடுத்து நிற்கின்றன. வில்லில் 20 கிலோ இழுவை, கட்டைகளில் 20 கிலோ அழுத்தம். தராசின் வில்தான் போல்ட். கட்டைகள்தான் இறுக்கிப் பிடிக்கப்பட்ட பிளேஞ்சும் மூடியும்.

“இப்ப பத்துக் கிலோ சாக்கைப் பலகையில மாட்டுங்க அண்ணே. முள் எங்க போகும்?”

“முப்பதுக்கு.”

மாட்டினார். முள் 20இல் இருந்தது. அவர் தராசின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் மாட்டிக்கொண்டதோ என்று பலகையைக் கையால் அமுக்கினார். இன்னும் ஒரு ஐந்து கிலோவை ஏற்றினார். 20. அந்த முகத்தைப் பார்க்க நான் காசு கொடுத்திருப்பேன்!

காரணம் எவ்வளவு எளிது பாருங்கள். முள் நகர வேண்டுமென்றால் வில் நீள வேண்டும். வில் நீள வேண்டுமென்றால் பலகை கீழே இறங்க வேண்டும். பலகைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் நசுங்கி நிற்கும் கட்டைகள் எவ்வளவு நிமிர்கின்றனவோ அவ்வளவுதான் பலகை இறங்க முடியும். மரக்கட்டை 20 கிலோவில் நசுங்கியதே மயிரிழை அளவு. அது நிமிர்ந்தால் எவ்வளவு நிமிரும்? ஆகவே தொங்கவிட்ட பத்துக் கிலோ வில்லில் ஏறவில்லை. கட்டைகளின் மேல் இருந்த அழுத்தத்திலிருந்து கழிந்தது. 20 கிலோ அழுத்தம் 10 ஆனது. சாக்குகளைச் சேர்த்துக்கொண்டே போய் 20 கிலோவைத் தாண்டியபோது கட்டைகள் ஆடத் தொடங்கின, ஒன்று விழுந்தது. அந்த நொடியில்தான் முள் எழுந்து நடந்தது. அதன்பிறகு ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் முழுதாக முள்ளில் தெரிந்தது.

போல்ட்டில் நடப்பது இதேதான், ஒரே ஒரு திருத்தத்தோடு. தராசு வில் ரொம்ப இளக்கம், கட்டை ரொம்பக் கடினம், அதனால் முள் துளிகூட அசையாதது போலத் தெரிந்தது. போல்ட்டும் பிளேஞ்சும் இரண்டுமே இரும்பு. இரண்டுமே வில்தான், விறைப்பில்தான் வித்தியாசம். வெளியிலிருந்து இழுக்கும்போது போல்ட் எவ்வளவு நீள்கிறதோ அதே அளவு பிளேஞ்ச் நிமிர்கிறது. இரண்டுக்கும் அசைவு ஒன்று. அசைவு ஒன்றென்றால் யார் அதிக விறைப்போ அவருக்கு அதிகப் பங்கு.

எங்கள் மூடியில் போல்ட்டின் தடிப்பு 20 மில்லிமீட்டர், இறுக்கிப் பிடிக்கும் கனம் 50 மில்லிமீட்டர்: 25 மூடி, 25 பிளேஞ்ச், இரண்டும் எஃகு. போல்ட்டின் தலைக்கும் நட்டுக்கும் நடுவில் பிளேஞ்சின் எல்லா இரும்பும் அழுந்துவதில்லை. தலைக்கு அடியிலிருந்து கூம்பாக விரிந்து, நடுவில் அகன்று, நட்டை நோக்கி மறுபடி குறுகும் ஒரு பகுதிதான் சுமையை எடுக்கிறது. ரோட்ஷர் என்ற ஜெர்மன்காரர் 1927இல் போட்டுக்கொடுத்த அந்தக் கூம்பை வைத்துத்தான் இன்றைக்கும் கையால் கணக்குப் போடுகிறோம். போட்டுப் பார்த்தால் பிளேஞ்சின் விறைப்பு போல்ட்டைப்போல நாலு, ஐந்து மடங்கு வருகிறது. அதாவது வெளியே இழுக்கும் சுமையில் போல்ட்டுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

தண்ணீரைத் திறக்கிறோம். 900 கிலோவில் ஐந்தில் ஒன்று, 180 கிலோ, போல்ட்டில் ஏறுகிறது: 4,000 இருந்தது 4,180 ஆகிறது. மிச்சம் 720 கிலோ பிளேஞ்சின் அழுத்தத்திலிருந்து இறங்குகிறது: 4,000 இருந்தது 3,280 ஆகிறது. கூட்டிச் சரிபாருங்கள். போல்ட் 4,180 இழுக்கிறது, அதில் 3,280ஐப் பிளேஞ்சை அமுக்கச் செலவழிக்கிறது, மிச்சம் 900ஐத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. இந்தக் கழித்தலை முதல்முறை போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணன் பயந்த 4,900 எங்கேயும் இல்லை.

அவர் சொன்னபடி தளர்வாக விட்டால்? 500 கிலோவுக்கு மட்டும் இறுக்கினோம் என்று வைத்துக்கொள்வோம். பிளேஞ்ச் ஒவ்வொரு கிலோ இழுவைக்கும் முக்கால் கிலோவுக்கு மேல் விட்டுக்கொடுத்து வரும். இழுவை 625 கிலோவைத் தொடும்போது அதன் கையில் ஒன்றும் இருக்காது. மூடி பிரிந்துவிடும். அதற்குப் பிறகு பங்கு போட ஆளில்லை, போல்ட் தனி ஆள். 900 முழுதும் அதன் தலையில். டர்பைன் வால்வைச் சட்டென்று மூடினால் ஓடிவந்த தண்ணீர் முட்டி அடிக்கும், அழுத்தம் ஒன்றரை மடங்காக எகிறும் என்று வைத்தால், 1,350 முழுதும் அதன் தலையில். தண்ணீர் இல்லாத நிலையிலிருந்து இந்த முட்டல் வரை, தளர்ந்த போல்ட்டில் சுமை 500க்கும் 1,350க்கும் இடையில் குதிக்கிறது, 850 கிலோ ஆட்டம். இறுக்கிய போல்ட்டில் 4,000க்கும் 4,270க்கும் இடையில், 270 கிலோ ஆட்டம்.

உலோகம் சோர்வில் சாவது சுமையின் அளவால் அல்ல, பெரும்பாலும் சுமையின் ஆட்டத்தால். ஓர் அளவுக்கு உட்பட்ட ஆட்டமென்றால் கோடி தடவையும் தாங்கும். அதைத் தாண்டினால் புரியின் அடிமடிப்பில், பெரும்பாலும் நட்டுக்குள் நுழையும் முதல் புரியில், ஒரு கீறல் தொடங்கும். நேர்மையாகச் சொல்ல வேண்டும்: மேலே சொன்ன 850 கிலோ நேராக இழுத்தால் மட்டும் 20 மில்லிமீட்டர் போல்ட் சோர்ந்துவிடாது. வில்லங்கம் வேறு. மூடி பிரிந்துவிட்டால் அது நேராகப் பிரிவதில்லை, ஒரு பக்கம் வாய் திறந்து சாயும். போல்ட் வளையும். வளைவின் தகைவு நேர் இழுவையின் தகைவை விழுங்கிவிடும். அதோடு பிடி தளர்ந்த மூடி பக்கவாட்டில் வழுக்கும். பக்கவாட்டு வழுக்கல்தான் நட்டைத் தானாகக் கழற்றும் பேய் என்று 1969இல் யுங்கர் என்பவர் சோதித்துக் காட்டினார். தளர்வு வழுக்கலைத் தரும், வழுக்கல் இன்னும் தளர்வைத் தரும்.

இது எந்த எல்லைவரை போகும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ரஷ்யாவில் சயானோ-சூசென்ஸ்கயா நீர்மின் நிலையம், 2009 ஆகஸ்ட் 17. 640 மெகாவாட் டர்பைன் ஒன்று, இரண்டாம் எண். எங்கள் மூடிக்கு ஆயிரம் மடங்கு பெரிய அண்ணன். டர்பைன் மேல்மூடியைப் பிடித்திருந்தவை 80 மில்லிமீட்டர் தடிப்புள்ள 80 போல்ட்கள். டர்பைன் அதிர்ந்துகொண்டே ஓடியது. அன்று காலை மூடி பிய்த்துக்கொண்டு மேலே எழும்ப, தண்ணீர் அறையை நிரப்பியது. 75 பேர் இறந்தார்கள். பிறகு எடுத்துப் பரிசோதித்த 49 போல்ட்களில் 41இல் சோர்வுக் கீறல் இருந்தது. ஆறு போல்ட்களில் நட்டே இருக்கவில்லை. எண்பது போல்ட்களில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போன பிடிதான் அது.

சரி, நல்ல விஷயத்துக்கு வருவோம். தராசுச் சோதனையில் இன்னொரு பாதி இருக்கிறது, எனக்கு இதுதான் அதைவிடப் பிடிக்கும். மரக்கட்டைகளுக்குக் கீழே பழைய மெத்தை ஸ்பொஞ்சை மடித்து வைத்தோம். மறுபடி 20க்கு இழுத்து நிறுத்தினோம். பத்துக் கிலோ சாக்கை மாட்டினோம். இந்தத் தடவை முள் சோம்பேறித்தனம் பண்ணவில்லை, 28க்குப் போனது! ஸ்பொஞ்ச் இளக்கம், சாக்கு இழுக்கும்போது தாராளமாக நிமிர்ந்துகொடுக்கிறது, பலகை இறங்குகிறது, வில் நீள்கிறது. இப்போது சுமையின் பெரும் பங்கு வில்லுக்கு.

அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். “அப்ப நாம பிளேஞ்சுக்கு நடுவுல போடுற ரப்பர் ஷீட்டு?”

அதேதான்! தோட்டங்களில் மூன்று மில்லிமீட்டர் ரப்பர் ஷீட்டை வெட்டி இடையில் வைத்து இறுக்குவது வழக்கம். ரப்பர் வந்ததும் பிளேஞ்ச் பக்கம் இளகிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு கவிழ்ந்து, தண்ணீரின் இழுவை ஏறக்குறைய முழுதாகப் போல்ட்டுக்குப் போகிறது. அங்கே அண்ணனின் கூட்டல் கணக்கு கிட்டத்தட்டச் சரி! அதோடு 4,000 கிலோவுக்கு இறுக்கவும் முடியாது, ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிடும். பிதுங்காமல் இருந்தாலும் நாளாக ஆகப் படிந்து பிடியை விடும். ஆகவே ரப்பர் ஷீட் மூட்டில் நாலைந்து நாள் கழித்து மறுபடி இறுக்குகிற பழக்கம் மூடநம்பிக்கை இல்லை.

எங்கள் மூடி தப்பித்தது ஏனென்றால் அதற்கு ரப்பர் ஷீட் இல்லை. மூடியில் ஒரு பள்ளம் கடைந்து அதற்குள் ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கிறது. வளையம் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறது, இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் தொட்டுச் சுமையைப் பார்த்துக்கொள்கின்றன. வேலையைப் பிரித்துக் கொடுத்த இந்தச் சின்னப் பள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம், செதுக்கிய கைக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

இப்போது இந்த இறுக்கம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று சொல்ல வேண்டும். எங்கள் 20 மில்லிமீட்டர் போல்ட் 4,000 கிலோ இழுவையில் எவ்வளவு நீளும் தெரியுமா? 0.05 மில்லிமீட்டர் கூட இல்லை. தலைமயிர் தடிப்பைவிடக் குறைவு. இந்த நீட்டத்தில்தான் நாலு டன்னும் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எங்கேயாவது 0.02 மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தால், வொஷருக்கு அடியில் இருந்த துருப்பொடி நசுங்கினால், பிளேஞ்ச் முகத்துச் சொரசொரப்பு படிந்தால், 1,400 கிலோவுக்கு மேல் பறிபோகும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

மலையின் மழைக்கும் மூடுபனிக்கும் பயந்து எல்லா இரும்பிலும் பெயிண்ட் தடிப்பாக அடிப்பது இங்கே வழக்கம். போல்ட் தலை உட்காரும் இடத்திலும் பிளேஞ்ச் முகத்திலும் கூட. பெயிண்ட்டின் தடிப்பு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், அது அழுத்தத்தில் நாளாக நாளாக நசுங்கிப் போகும். நசுங்கினால் 0.05 மில்லிமீட்டர் நீட்டம் மிச்சமில்லாமல் போய்விடும். இறுக்கும்போது ஸ்பேனர் சரியாகத்தான் சொன்னது, அடுத்த மாதம் போல்ட் வெறும் ஆணி. இதற்காக நாங்கள் தலைகள் உட்காரும் வட்டங்களைச் சுரண்டிப் பளபளக்க வைத்தோம். பெயிண்ட் பிறகு, மேலால்.

முறுக்கியது எப்படி என்று கேட்பீர்கள். பழைய சாதாரண எஃகு, தலையில் 4.6 என்று எழுதியிருக்கும் வகை. நிரந்தரமாக நீண்டுவிடாமல் அது தாங்கும் இழுவை ஏறக்குறைய ஐந்தரை டன். அதில் முக்கால் பங்குதான் எங்கள் 4,000. அந்த இழுவைக்கு எண்ணெய் தடவாத புரியில் அளவு ஸ்பேனரில் 160 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். அரை மீட்டர் கைப்பிடியின் நுனியில் 33 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. ஆனால் ஸ்பேனரை நம்ப ஓர் எல்லை உண்டு. நாம் போடும் முறுக்கில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியிலேயே தேய்ந்து போகிறது, மிச்சத்தில் பெரும்பகுதி புரியில் தேய்கிறது, பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டப் போகிறது. புரியில் எண்ணெய் இருந்தால் அதே முறுக்கில் இழுவை கூடிவிடும், துரு இருந்தால் குறைந்துவிடும். அளவு ஸ்பேனரே இருந்தாலும் ஒரு போல்ட்டுக்கும் இன்னொன்றுக்கும் கால் பங்கு வரை வித்தியாசம் வருவது சகஜம். அதனால் பன்னிரண்டுக்கும் எண்ணெய் இல்லாத சுத்தமான புரி, ஒரே வொஷர், ஒரே கை.

இறுக்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு முறுக்கு, எதிரெதிரே பாய்ந்து பாய்ந்து: 12 மணி, 6 மணி, 3 மணி, 9 மணி என்று. பிறகு மூன்றில் இரண்டு. பிறகு முழு அளவு. கடைசியில் வட்டமாகச் சுற்றி மறுபடி ஒரு சுற்று. இந்தக் கடைசிச் சுற்றில்தான் விளையாட்டு தெரியும். பக்கத்துப் போல்ட்டை இறுக்கும்போது பிளேஞ்ச் இன்னும் நசுங்குகிறது, அதனால் முன்பு இறுக்கியது கொஞ்சம் தளர்கிறது. முழு அளவுச் சுற்றில் முதலில் இறுக்கிய போல்ட் கடைசிச் சுற்றில் மறுபடி திரும்பும். அது திரும்புவதைக் கையில் உணரும்போது, அட, நீ எனக்குப் பொய் சொன்னாய் அல்லவா என்று சிரிப்பு வரும்.

தளர்ந்த மூட்டைக் கண்டுபிடிக்கக் கணக்கு வேண்டாம், கண் போதும். இரும்பும் இரும்பும் தொடும் விளிம்பில் செங்காவிப் பொடி வந்தால் முகங்கள் உராய்ந்து ஆடுகின்றன என்று அர்த்தம். வொஷருக்குக் கீழே இருந்து சிவப்புக் கோடு வழிந்திருந்தால் தண்ணீர் புகுந்து போகிறது. வொஷரின் ஓரத்தில் பெயிண்ட் மோதிரமாக வெடித்திருந்தால் அது நகர்ந்திருக்கிறது. அண்ணன் இவற்றை எல்லாம் முன்பே தெரிந்து வைத்திருந்தார். காரணம் தெரிந்ததும் அவர் ஒரு சுத்தியலோடு அறையைச் சுற்றி வந்து ஒவ்வொரு நட்டையும் தட்டிக் காது கொடுத்ததைப் பார்க்க வேண்டுமே! இறுகியது ‘டிங்’ என்று கணீரென்று சொல்லும், தளர்ந்தது ‘டொக்’. இழுவை எவ்வளவு என்று அந்தச் சத்தம் சொல்லாது, பிடி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். ஒரு மதியத்தில் அவர் காட்டிக்கொடுத்த டொக் நட்டுகளை எண்ணாமல் விடுகிறேன்.

தண்ணீரைத் திறந்த அன்று மூடியில் ஒரு சொட்டு வரவில்லை. நான் கையை வைத்துப் பார்த்தேன். பதினொரு டன் அந்தப் பக்கம் நின்று தள்ளிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் போல்ட்கள் ஆளுக்கு 180 கிலோ கூடுதலாக ஏற்றுக்கொண்டு நின்றன.

அடுத்து எங்கள் கண் டர்பைன் உடம்பின் மேல். அது வார்ப்பிரும்பு, அங்கே எங்கள் மூடிக் கணக்கை அப்படியே கொண்டுபோக முடியாது. வார்ப்பிரும்பின் விறைப்பு எஃகில் பாதிதான், அதனால் போல்ட்டின் பங்கு ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றை நோக்கி நகரும். அதைவிட மோசம், அதன் பிளேஞ்ச் முகத்தில் உள்வட்டம் மட்டும் உயர்ந்து தொடுகிறது, போல்ட்கள் வெளிவட்டத்தில். இறுக்க இறுக்கக் காது வளையும். வார்ப்பிரும்பு வளைவதற்குப் பதில் சொல்லாமல் வெடிக்கும். அங்கே 4,000 என்ற பேச்சே கிடையாது.

அதற்கு என்னிடம் இருக்கும் திட்டம் நீள போல்ட். தலைக்கும் பிளேஞ்சுக்கும் நடுவில் 100 மில்லிமீட்டர் நீள எஃகுக் குழல் ஒன்றைக் கோத்து, போல்ட்டை நீளமாகப் போடுவது. போல்ட் நீண்டால் இளகும், இளகினால் பங்கு குறையும். எங்கள் மூடியிலேயே இதைச் செய்தால் போல்ட்டுக்கு ஏறும் 180 கிலோ 60க்குப் பக்கத்தில் வந்துவிடும். இன்னும் அழகு, நீட்டம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுவதால் அந்த 0.02 மில்லிமீட்டர் படிவுக்கு 1,400க்கு மேல் பறிபோன இடத்தில் 550 மட்டும் போகும். வார்ப்பிரும்பு உடம்பில் குறைவான இறுக்கத்தையே வைத்து, அதை நிலைக்க வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. குழலுக்கு 36 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 21 உள்விட்டமும் உள்ள தடித்த குழாய் வேண்டும். அண்ணன் ஸ்டோரின் பழைய இரும்புக் குவியலைக் கிளறிக்கொண்டிருக்கிறார்.